சிரிப்பின் விலை: விளம்பர நகைச்சுவை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

விளம்பரத்தை இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குள் கொண்டுவரலாமா என்ற வினா நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. கூத்தையும் நாட்டார் பாடலையும் பல்கலைக்கழக ஆய்வுக்குரியனவாக ஏற்பதற்கே ஒரு தலைமுறை வாதிட வேண்டியிருந்தது. ஆயினும் நமது மக்கள் நாள்தோறும் கேட்கும் உரைநடையிற் பெரும்பகுதி இன்று விளம்பர உரைநடையே. அவர்கள் சிரிக்கும் சிரிப்பிலும் கணிசமான பகுதி, எவரோ பணம் கொடுத்து எழுதுவித்த சிரிப்பாக இருக்கின்றது. ஆகவே அச்சிரிப்பு எவ்வாறு ஆக்கப்படுகின்றது, அதன் விலையை யார் கொடுக்கின்றனர் என்று கேட்பது திறனாய்வாளனின் கடமைக்குப் புறம்பானதாகாது.

நகைச்சுவையைக் கையாளும் விளம்பரகாரனுக்கு அவனது தொழில் இரு நிபந்தனைகளை விதிக்கின்றது. ஒன்று, எவரையும் புண்படுத்தலாகாது. மற்றையது, சிரிப்பு பண்டத்தை மறைத்துவிடலாகாது. கோமாளிகளிடம் மக்கள் பொருள் வாங்குவதில்லை என்ற கருத்தை அமெரிக்க விளம்பர எழுத்தாளர் குளோட் ஹொப்கின்ஸ் 1923இலேயே வெளியிட்டார். பின்வந்தோர் அதனை ஏற்றும் மறுத்தும் எழுதியுள்ளனர். முதலாவது நிபந்தனை ஒழுக்கம் பற்றியது, இரண்டாவது வியாபாரம் பற்றியது என்று இவ்விரண்டையும் வேறு வேறாகவே துறைசார்ந்தோர் பொதுவில் நோக்குவர். அவை இரண்டும் ஒரே வினாவின் இரு முகங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். சிரிப்பு எதனோடு பிணைக்கப்பட்டுள்ளது என்பதே அவ்வினா. பண்டத்தின் பயன்மதிப்போடு பிணைக்கப்படும் சிரிப்பு பண்டத்தை மறைக்காது. மனிதரை இழிவுபடுத்த வேண்டிய தேவையும் அதற்கு எழாது. பண்டத்திலே சிரிப்பைக் காணமாட்டாதவனே அதை மனிதரிடம் தேடிச் செல்கின்றான்.

2

இவ்வினாவை அணுகுவதற்கு வேண்டிய கருவிகள் சில நம்மிடமே உள்ளன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் களங்களாக இளமை, மடன், பேதைமை, எள்ளல் என்னும் நான்கினைக் கொள்கின்றது. குழந்தைமையும், எளிதில் நம்பிவிடும் இயல்பும், அறியாமையும், பிறரை இகழ்தலும் சிரிப்பைத் தருவன என்பது இதன் கருத்து. உரையாசிரியரான பேராசிரியர் எள்ளலை மேலும் இரண்டாகப் பகுப்பார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுவது மற்றொன்று.

இப்பகுப்பு நமது பொருளுக்கு மிகவும் பயன்படுவது. ஒரே நகைச்சொல் அதனைச் சொல்பவன் யார், அதற்கு இலக்காகுபவன் யார் என்பதற்கேற்ப முற்றிலும் மாறிவிடுகின்றது. ஒரு குழுவினர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிச் சிரிப்பது வேறு. அவர்களிலும் வசதி படைத்த இன்னொரு குழுவினர் அதையே சொல்லிச் சிரிப்பது வேறு. சொற்கள் மாறாதிருக்கையில் உறவு மாறுகின்றது. விளம்பரத்தில் இவ்வுறவு இன்னும் சிக்கலானது. அங்கே சொல்பவன் எப்பொழுதும் மூலதனத்தின் சார்பிலேயே பேசுகின்றான். தன்னைத் தானே எள்ளுபவனைப்போல அவன் நடிக்கலாம், ஆனால் அந்த இடத்தில் அவன் உண்மையாக நிற்பதில்லை.

இலங்கை வானொலியின் வர்த்தக சேவை வழியாகப் புகழ்பெற்று, 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்த 'கோமாளிகளின் கும்மாளம்' இங்கு நினைவுகூரத்தக்கது. அது விளம்பரமன்று, வர்த்தக ஒலிபரப்பின் சூழலில் வளர்ந்த நகைச்சுவைத் தொடர். எஸ். இராமதாஸின் மரிக்கார், ராஜகோபாலின் அப்புக்குட்டி, செல்வசேகரனின் உபாலி ஆகிய பாத்திரங்கள் முஸ்லிம் மக்களின் தமிழையும் யாழ்ப்பாணத் தமிழையும் சிங்களவர் பேசும் தமிழையும் ஒரே மேடையில் மோதவிட்டன. அங்கே ஒருவரது பேச்சு அளவுகோலாகவும் ஏனையோரது பேச்சு பிழையாகவும் காட்டப்படவில்லை. எல்லோரும் கோமாளிகளே. பேச்சுவழக்கை நகைக்குப் பயன்படுத்துவது தன்னளவிற் குற்றமன்று என்பதற்கும், பாத்திரங்களிடையே அது எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பதே முக்கியம் என்பதற்கும் அத்தொடர் நல்ல சான்றாகும். பிற்கால விளம்பரமொன்றில் முதலாளி செம்மையான தமிழிலும் வேலையாள் மட்டும் 'மறுகா' என்றும் பேசுவாராயின், அச்சொல்லைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்மையில் ஒரு வர்க்கத்தைப் பார்த்தே சிரிக்கின்றனர்.

3

பண்டத்தோடு பிணைந்த சிரிப்புக்கு உதாரணமாக இந்தியாவின் ஃபெவிகால் பசைக்கு எடுக்கப்பட்ட பஸ்வண்டி விளம்பரத்தைக் கூறலாம். பிடிலைட் நிறுவனம் 1959 முதல் விற்றுவரும் இவ்வெண்ணிறப் பசை முதலிலே நாடியது தச்சுத் தொழிலாளரையே. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தை அடுப்பில் உருக்கிப் பயன்படுத்திவந்த தச்சருக்கு, காய்ச்சத் தேவையில்லாத பசை உண்மையான பயன்மதிப்புடையதாக இருந்தது. ஒகில்வி நிறுவனத்திற் பியூஷ் பாண்டேயின் தலைமையில் இப்பண்டத்துக்குத் தொடர்ச்சியாகப் பல நகைச்சுவை விளம்பரங்கள் ஆக்கப்பட்டன. அவற்றுள் பஸ்வண்டி விளம்பரத்தை நெறிப்படுத்தியவர் பிரசூன் பாண்டே. 2002இல் கான் விளம்பர விழாவில் அது வெள்ளிச் சிங்க விருது பெற்றது.

அதன் கதை சில வரிகளில் அடங்கும். பாலை நிலத்துப் பாதையொன்றில் பஸ்வண்டி ஒன்று வருகின்றது. உள்ளே இடமில்லை, கூரைமீதும் பக்கங்களிலும் மனிதர் அப்பிக்கொண்டிருக்கின்றனர். வண்டி மேடு பள்ளங்களில் ஏறி இறங்கி ஆடுகின்றது. எவரும் விழவில்லை. உரையாடல் எதுவுமில்லை. வண்டி கடந்து சென்றதும் அதன் பின்புறம் தெரிகின்றது. அங்கே ஃபெவிகால் விளம்பரப் பலகை காணப்படுகின்றது.

இதன் அமைப்பு கவனமாக நோக்கற்பாலது. பலகை தெரியும்வரை பார்வையாளன் ஒரு புதிரைப் பார்க்கின்றான். இவர்கள் ஏன் விழவில்லை என்பது அவனுக்குப் புரியவில்லை. புதிரின் விடை பண்டத்தின் பெயர். பெயரை அறியாதவரை சிரிப்பு நிறைவெய்தாது. சிரித்தவன் பெயரை மறக்கவும் இயலாது. ஒட்டும் தன்மை என்ற பயன்மதிப்பே இங்கு மிகைப்படுத்தப்பட்டு நகையாகின்றது. பலகை அருகில் இருந்ததனாலேயே மனிதரும் ஒட்டிக்கொண்டனர் என்பது எவரும் நம்பக்கூடாத மிகை. ஆதலால் அது பொய்யுரையாகவும் ஆவதில்லை.

இதனைச் சோதிப்பதற்கு எளிய வழியொன்றுண்டு. பலகையிலுள்ள பெயரை அழித்துவிட்டுத் தேயிலையின் பெயரையோ சவர்க்காரத்தின் பெயரையோ எழுதிப் பார்க்க வேண்டும். சிரிப்பு உடனே செத்துவிடுகின்றது. இவ்வாறு பெயரை மாற்றியபின்னும் உயிரோடிருக்கும் சிரிப்பு பண்டத்துக்குச் சொந்தமானதன்று. 1969இல் அமெரிக்காவில் வெளியான அல்கா செல்ற்சர் விளம்பரத்தை இதற்கு மறுதலையாகக் கூறலாம். ஒரு நடிகன் இறைச்சி உருண்டை விளம்பரத்தில் நடிக்கின்றான். வசனம் தவறித் தவறி அவன் மீண்டும் மீண்டும் உண்ண நேர்கின்றது. ஈற்றில் வயிற்றுக்கோளாறுக்கு மாத்திரை. விளம்பரம் பெரும்புகழ் பெற்றது. ஆனால் சிரிப்பு முழுவதும் நடிகனின் திண்டாட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றது; மாத்திரை சிரிப்பு ஓய்ந்தபின் வருகின்றது. பண்டத்தை விழுங்கிய நகைச்சுவைக்குத் துறைசார்ந்தோர் இதனை இன்றும் எடுத்துக்காட்டுவர். பண்டம் சிரிப்பின் காரணமாக இருப்பதற்கும், சிரிப்பின் பின்னால் வருவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பஸ்வண்டி விளம்பரத்தில் இருப்போர் வறிய கிராமத்தவர். நெரிசலும் கூரைப்பயணமும் அவர்தம் அன்றாடத் துன்பங்கள். அவ்வாறாயின் இவ்விளம்பரம் அவர்களை எள்ளுகின்றதா? இல்லையென்றே கூறவேண்டும். அவர்கள் பேதைகளாகக் காட்டப்படவில்லை; விழுந்து அடிபட்டு நகைப்பூட்டவுமில்லை. அவர்களை உதறிவிட முயலும் பாதையே தோற்கின்றது. ஆயினும் இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். போதிய பஸ்வண்டிகள் ஏன் இல்லை என்ற கேள்வி அச்சிரிப்பினுள் கரைந்துபோகின்றது. சுரண்டல் சமூகத்தின் குறையொன்று இயற்கை நிகழ்ச்சியைப்போல, மழை வெயிலைப்போலத் தோற்றமளிக்கின்றது. எவரையும் புண்படுத்தாத விளம்பரமும் கருத்துநிலையற்ற விளம்பரமாகிவிடுவதில்லை.

4

ஒட்டுதல் என்ற இதே நகை நமது பிரதேசத்தில் வேறொரு வரலாறு உடையது. மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்ற பேச்சு வடபகுதியில் நெடுங்காலமாக வழங்கிவந்துள்ளது. மட்டக்களப்புக்குச் சென்றவன் மந்திரத்தாலும் மருந்தாலும் மயக்கப்பட்டு, அங்குள்ள பெண்ணொருத்தியின் பாயிலிருந்து எழமுடியாதவனாகி ஊர் திரும்பமாட்டான் என்பது இதன் பொருள். பலர் இதனைத் தீங்கற்ற வேடிக்கையாகவே கருதிச் சொல்லிவந்துள்ளனர்.

இப்பேச்சின் பின்னாலுள்ள சமூக உண்மை மந்திரத்தோடு தொடர்புடையதன்று. மட்டக்களப்புத் தமிழர் முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையேயும் தாய்வழிக் குடிமுறை நிலவிவந்துள்ளது. வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் செல்வதும், மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதும் இங்கு வழக்கம். வடக்கிலிருந்து வியாபாரத்தின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் வந்த இளைஞன் இங்கு மணம் செய்தால், இந்நாட்டு வழக்கப்படி மனைவியின் வீட்டிலேயே தங்கினான். வயலும் வாவியும் அவனுக்கு வாழ்வளித்தன. மகனையும் அவனது உழைப்பையும் இழந்த குடும்பம் அந்த இழப்புக்கு விளக்கம் தேடிற்று. பெண்ணின் சொத்துரிமையை விளக்கமாக ஏற்பதிலும் பார்க்க அவளது சூனியத்தை விளக்கமாக ஏற்பது எளிதாயிருந்தது. இவ்வாறு உற்பத்தி உறவிலும் உடைமை உறவிலும் இருந்த வேறுபாடொன்று நகையாக உருமாறி, ஒரு பிரதேசத்துப் பெண்கள் அனைவர்மீதும் பழியாகப் படிந்தது.

இரு ஒட்டுதல்களையும் அருகருகே வைத்து நோக்கினால் நமது வாதம் தெளிவாகும். பஸ்வண்டியில் ஒட்டவைப்பது பசை. அதுவே விற்கப்படும் பண்டம். பாயில் ஒட்டவைப்பவள் பெண். அவள் விற்கப்படும் பண்டமல்லள். அவளை விளம்பரத்திற் கொண்டுவருபவன் அவளைப் பண்டமாக்கிவிடுகின்றான். இங்குள்ள விடுதியொன்றுக்கோ மெத்தைக்கோ இப்பேச்சைப் பயன்படுத்தினால், கேட்பவனின் மனம் மெத்தையில் நில்லாது அந்தப் பழைய கதைக்கே ஓடும். அதாவது புண்படுத்தலும் பண்டத்தை மறைத்தலும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. மனிதரை இலக்காக்கும் சிரிப்பு தன்னோடு ஒரு முழு வரலாற்றையும் இழுத்துவருகின்றது. அவ்வரலாற்றுக்கு முன்னால் எந்தப் பண்டமும் சிறுத்துப்போகும்.

5

'எவரையும் புண்படுத்தாதே' என்ற விதியையும் நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. புண்பட்டதைத் தெரிவிக்கும் ஆற்றல் சமூகத்திற் சமமாகப் பங்கிடப்படவில்லை. இதற்கு அமுல் வெண்ணெயின் விளம்பரப் பலகைகள் சிறந்த ஆய்வுப்பொருளாகும். 1966 முதல் சில்வெஸ்ரர் டகுன்ஹா என்பவரின் பொறுப்பில், யூஸ்ரஸ் பெர்னாண்டஸ் வரைந்த சிறுமி நாட்டு நடப்புகளைச் சிலேடையாற் கேலி செய்துவந்தாள். மெய்ப்பாட்டியலின் மொழியிற் கூறுவதானால் இளமை என்ற களத்தில் நின்று எள்ளலைச் செய்யும் உத்தி இது. குழந்தையின் வாயில் வருவதால் எள்ளலின் கூர்மை மழுங்குகின்றது. இங்கே பல பலகைகளில் நகைக்கும் வெண்ணெய்க்கும் உள்ளார்ந்த தொடர்பு குறைவு. நாம் மேலே கூறிய பெயர்மாற்றச் சோதனையில் அவை தேறமாட்டா. அக்குறையை ஈடுசெய்வது தொடர்ச்சி: அதே சிறுமி, அதே புள்ளிச்சட்டை, அதே மூலையில் அதே வெண்ணெய், பல பத்தாண்டுகளாக. ஒருமுறை மட்டும் விளம்பரம் செய்யக்கூடிய சிறு உற்பத்தியாளனுக்கு இவ்வழி திறந்திருப்பதில்லை.

இந்தியன் எயர்லைன்ஸ் ஊழியரின் வேலைநிறுத்தத்தைக் கேலி செய்த பலகை ஒன்றுக்காக, விமானங்களில் அமுல் வெண்ணெய் வழங்கப்படமாட்டாது என்ற எச்சரிக்கை விடுக்கப்பட்டது. விநாயகர் சதுர்த்தி பற்றிய மற்றொரு பலகை சிவசேனையின் மிரட்டலுக்கு உள்ளாயிற்று. இவை புண்பட்டதாகச் சொல்லும் வலிமை உடையோர். 1976இல், அவசரகால ஆட்சியின்போது வெளிவந்த பலகையொன்றை இவற்றோடு ஒப்பிடுக. கட்டாயக் கருத்தடை நாட்டை உலுக்கிய வேளையில், தாம் எப்பொழுதுமே கட்டாய 'ஸ்ரெரிலைசேஷன்' செய்துவருவதாக அச்சிறுமி கூறினாள். கிருமிநீக்கத்துக்கும் கருத்தடைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வழங்குவதே சிலேடை. வேலை நுட்பமானது, பண்டத்தின் தூய்மையோடும் பொருந்துவது. ஆட்சியின் கொடுமையைச் சுட்டிய துணிவென்று இதனைப் பாராட்டுவோர் உளர். தணிக்கை நிலவிய காலத்தில் அச்சொல்லைப் பொது வீதியில் உயர்த்தியதே ஒரு செயல் என்பதும் மறுக்கத்தக்கதன்று.

ஆனால் அப்பலகையைப் பார்த்துச் சிரித்தவர் யார்? ஆங்கிலம் அறிந்த, வெண்ணெய் வாங்கக்கூடிய நகரத்து நடுத்தர வர்க்கத்தவர். கத்தி யார் மேனியில் பாய்ந்தது? ஆங்கிலமும் வெண்ணெயும் அறியாத வறியோர் மேனியில். அவர்கள் எவரும் கடிதம் எழுதவில்லை, எழுதவும் இயலாது. எதிர்ப்பு எழவில்லை என்பதைக் கொண்டு எவரும் புண்படவில்லை என முடிவுசெய்பவர்கள் மௌனத்தைச் சம்மதமாகப் பிழைபடக் கணக்கிடுகின்றனர். முறைப்பாடுகளை எண்ணிப் பார்ப்பது போதாது. சிரிப்பவன், எள்ளப்படுபவன் ஆகிய இருவரில் யார் மேலே நிற்கின்றார், எள்ளப்படுபவன் அந்த விளம்பரத்தைப் படிக்கவும் அதற்கு மறுமொழி கூறவும் வல்லவனா என்றே கேட்டல் வேண்டும்.

6

இறுதியாக இவ்வளவுகோல்களைப் பாசிக்குடாவிற் பொருத்திப் பார்ப்போம். முருகைக்கல்லால் அரண் செய்யப்பட்ட ஆழங்குறைந்த அமைதியான குடா அது. நெடுந்தூரம் உள்ளே நடந்தாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாத இடங்கள் உண்டு. முன்னர் இருந்த உல்லாச விடுதிகள் யுத்தத்தாலும் 2004 ஆழிப்பேரலையாலும் அழிந்தன. 2009இல் யுத்தம் முடிந்தபின் புதிய விடுதிகள் வரிசையாக எழுந்தன. அவற்றுள் ஒன்றுக்கு நகைச்சுவை விளம்பரம் எழுதுவதாகக் கற்பனை செய்வோம்.

முதலில் தோன்றக்கூடியது பாய் பற்றிய பழைய பேச்சு. அது ஏன் தள்ளுபடியாகும் என்பதை மேலே கண்டோம். அடுத்துத் தோன்றக்கூடியது, இங்கே முயன்றாலும் எவரும் மூழ்க முடியாது என்பது. இது எவரையும் எள்ளவில்லை. குடாவின் இயல்போடும் பிணைந்தது. ஆயினும் இது மிக ஆபத்தானது. மிகை நகையாக வேண்டுமாயின் எவரும் அதனை நம்பமுடியாதிருத்தல் வேண்டும். பஸ்வண்டியின் மிகை அத்தகையது. மூழ்கமுடியாத கடல் என்பதோ பாதி நம்பத்தக்கது. அதனை நம்பியவன் குடாவின் எல்லையைத் தாண்டியோ, அரண் குறைந்த அயற்கடலான கல்குடாவிலோ இறங்கினால் உயிரிழக்கக்கூடும். நம்பக்கூடிய மிகை நகையன்று. அது தவறான வாக்குறுதி.

மூன்றாவதாக, நீரின் நடுவே நிற்கும் விருந்தினனுக்கு விடுதிப் பணியாளன் தட்டை ஏந்தியபடி தடுமாறித் தடுமாறி நடந்துசென்று உணவு பரிமாறுவது. ஆழமின்மை நன்கு புலப்படும், சிரிப்பும் வரும். ஆனால் அச்சிரிப்பு உள்ளூர் உழைப்பாளியின் தடுமாற்றத்திலிருந்து பிறக்கின்றது. விடுதிகள் எழுந்தபின் தமது தோணிகளுக்கான கரை குறுகிப்போன மீனவரின் பிள்ளைகளே அப்பணியாளராய் இருக்கக்கூடிய ஊரில், இக்காட்சி எவ்வாறு பார்க்கப்படும் என்பதை விளம்பரகாரன் எண்ணியாக வேண்டும்.

நான்காவது வழியில் பாத்திரம் இடம் மாறுகின்றது. நீச்சற் கண்ணாடி, காற்துடுப்பு, மார்பில் மிதவை எனச் சகல ஆயத்தங்களுடனும் பெருமிதத்தோடு விருந்தினன் கடலில் இறங்குகின்றான். நடக்கின்றான், இன்னும் நடக்கின்றான், நீர் முழங்காலிலேயே நிற்கின்றது. அவனைச் சுற்றிச் சிறுவர்கள் விளையாடுகின்றனர். ஈற்றில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீரிலேயே சப்பணமிட்டு அமர்கின்றான், முகத்தில் நிறைவு. விடுதியின் பெயர். இங்கே நகைக்குக் காரணம் ஆழங்குறைந்த குடாவே. பெயரை நீக்கி வேறொரு கடற்கரையின் பெயரை வைத்தால் கதை குலைந்துவிடும். எள்ளப்படுபவன் பணம் கொடுத்து வந்தவன். பேராசிரியர் கூறிய இரண்டாவது வகைப்படி தன்னைக் கண்டு தானே சிரிக்கக்கூடிய நிலையில் இருப்பவன். உரையாடல் இன்மையால், கொழும்பில் வேறு மொழியில் எழுதப்பட்டுத் தமிழுக்கு மாற்றப்படும் விளம்பரங்களிற் காணப்படும் சிலேடைச் சிதைவும் இங்கு நேராது. நீந்தத்தக்க எல்லையைக் காட்டும் மிதவைக் குறிகள் காட்சியிலே தெரியுமாயின் மிகையால் வரும் தீங்கும் தவிர்க்கப்படும்.

இந்த நான்காவது விளம்பரமும் குறுகிய கரை பற்றிப் பேசப்போவதில்லை. அதைப் பேசுவது விளம்பரத்தின் வேலையுமன்று. அதன் சிரிப்பு ஒரு விடுதி அறையை விற்பதற்கான சிரிப்பு. எளியவரை மிதிக்காத சிரிப்பை விளம்பரகாரனிடமிருந்து நாம் கோரலாம், கோரவும் வேண்டும். கரை ஏன் குறுகிற்று என்று கேட்கும் சிரிப்பைக் கூத்துக் களரியிலும் கவிதையிலும் சிறுகதையிலும் நாமேதான் ஆக்கிக்கொள்ளல் வேண்டும்.